அதே படம், ஆறாவது விரல் மட்டும் இல்லாமல்

காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒருவர், மாம்பழப் பருவம் தொடங்குவதற்கு முன், கிருஷ்ணகிரி பெங்களூரு சாலையில் இருக்கும் எங்கள் வடிவமைப்புக் கடைக்கு வந்தார். ஐந்து கிலோ அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட ஒரு படம் வேண்டும். தோப்பில் ஒரு பெண் கூடை நிறையப் பழத்துடன் நிற்க வேண்டும், பின்னால் நம் ஊர் மொட்டைப் பாறை தெரிய வேண்டும். எழுதிக் கேட்டதைப் படமாக வரையும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் மென்பொருளில் நான்கு படங்கள் எடுத்துக் காட்டினேன். மூன்றாவது படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுதான் தம்பி. முகம் நம் வீட்டுப் பெண் மாதிரியே இருக்கிறது. ஆனால் சேலை பச்சையாக இருக்கட்டும். கையில் ஆறு விரல் இருக்கிறது, பார். அப்புறம், கூடையில் இருப்பது பெங்களூரா மாம்பழம் இல்லையே."

அவர் சொன்னது மூன்று குறை. கேட்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும் மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. பிடித்துப்போன ஒரு படம் கையில் கிடைத்ததும் அதைத் திருத்த நமக்கு இருப்பவை மூன்று வழிகள். படத்தின் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் விதை எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டு, நாம் எழுதிக் கேட்கும் வாசகத்தை மாற்றலாம். வாசகத்தைத் தொடாமல் விதையைச் சற்றே அசைத்துப் பல மாறுபாடுகளை எடுக்கலாம். அல்லது விதையை மறந்துவிட்டு, வந்த படத்தையே மூலமாக வைத்து ஒரு பகுதியை மட்டும் திரும்ப வரையச் சொல்லலாம். எதற்கு எது என்று தெரியாமல் நான் ஆரம்பத்தில் வீணாக்கிய இரவுகள் கொஞ்சமல்ல.

முதலில் அதே படம் திரும்ப வருகிறதா?

மூன்று வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: எதையும் மாற்றாமல் அதே படத்தை இன்னொரு முறை வரவழைப்பது. அது வராவிட்டால் அடுத்து செய்யும் எந்த மாற்றத்தின் பலனையும் நம்மால் அளக்க முடியாது.

இந்த மென்பொருள் வெற்றுத்தாளில் வரையத் தொடங்குவதில்லை. தொலைக்காட்சியில் சிக்னல் போனால் தெரியும் புள்ளிக் கூட்டம் போன்ற ஒரு இரைச்சலில் தொடங்கி, படிப்படியாக அதைத் துடைத்துத் துடைத்துப் படமாக்குகிறது. 512x768 அளவுள்ள படம் என்றால் உள்ளே அது எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி 64x96 கட்டங்களாக, நான்கு அடுக்குகளாக இருக்கிறது. மொத்தம் 24,576 எண்கள். அந்த எண்கள் என்னவாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒற்றை எண்தான் திரையில் Seed என்று தெரிகிறது. அதே எண் தந்தால் அதே இரைச்சல், மற்ற அமைப்புகளும் அதேபோல் இருந்தால் அதே படம்.

மாங்கொட்டையை ஊன்றினால் தாய்மரத்துப் பழம் வராது என்பதை இந்த ஊரில் குழந்தைக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தானே ஒட்டுக்கன்று வாங்குகிறோம். இதற்கு விதை என்று பெயர் வைத்தவர் மாந்தோப்புப் பக்கம் வந்தவராக இருக்க முடியாது. இங்கே விதைதான் தாயை அச்சு அசலாகத் திருப்பித் தருகிறது.

ஆனால் விதை மட்டும் போதாது. வாசகம், படங்களைப் பார்த்துக் கற்ற மாடல், இரைச்சலைத் துடைக்கும் முறையான சாம்ப்ளர், படிகளின் எண்ணிக்கை, படத்தின் அளவு என எல்லாம் சேர்ந்ததுதான் படத்தின் முகவரி. ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்க நான் பயன்படுத்தும் ஆட்டோமேட்டிக்1111 இடைமுகத்தில் இவை எல்லாம் பிஎன்ஜி கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். PNG Info பக்கத்தில் கோப்பை இழுத்துப் போட்டால் இப்படி வரும்:

```
woman farmer holding a basket of mangoes, red saree,
mango grove, rocky hill, morning light
Steps: 28, Sampler: DPM++ 2M Karras, CFG scale: 7,
Seed: 3058174426, Size: 512x768
```

இங்கே நான் முதல் சறுக்கலைச் சந்தித்தேன். தோப்புக்காரர் வீட்டில் காட்டிவிட்டு, பிடித்த படத்தை வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பியிருந்தார். அதைப் போட்டுப் பார்த்தால் ஒரு தகவலும் இல்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது உள்ளே எழுதியதெல்லாம் போய்விடுகிறது. நல்லவேளையாக, மூலக் கோப்பு கணினியில் இருந்தது. கோப்பின் பெயரிலேயே விதை எண் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தேடுவது எளிது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நான்கு படங்களை ஒரே தொகுப்பாக எடுத்தால் விதை ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று கூடும். நான்கையும் ஒட்டி வரும் கட்டப் படத்தில் எழுதியிருப்பது முதல் படத்தின் எண். என் கட்டப் படத்தில் 3058174424 என்று இருந்தது. அவர் தொட்டது மூன்றாவது, ஆகவே 3058174426. இது தெரியாமல் முதல் எண்ணைப் போட்டுவிட்டு, "விதை வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணைப் போட்டுத் திரும்ப எடுத்தேன். பழையதையும் புதியதையும் கிம்ப் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் அடுக்கை Difference முறையில் வைத்தேன். முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தால் இரண்டும் ஒன்று. வேகத்துக்காகச் சிலர் சேர்க்கும் xformers இருந்தால் அங்கங்கே மங்கலான தூசி போலத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். படமே வேறாக வந்தால் ஏதோ ஒரு அமைப்பு மாறியிருக்கிறது என்று அர்த்தம். வேறு கணினியில் எடுக்கும்போது அதிகம் மாட்டுவது, இரைச்சலை உருவாக்குவது செயலியா கிராஃபிக்ஸ் அட்டையா என்பதுதான். இரண்டும் ஒரே விதையிலிருந்து வேறு வேறு எண்களைத் தரும். அமைப்புகளில் Random number generator source என்ற இடத்தில் இதைச் சரிபார்க்கலாம்.

அளவையும் தொடக்கூடாது. பெட்டிக்குப் பெரிய படம் வேண்டுமே என்று 768x1152 என மாற்றி அதே விதையைப் போட்டால், 64x96 கட்டங்களுக்குப் பதில் 96x144 கட்டங்கள் நிரம்பும். எண்கள் வேறு இடங்களில் போய் உட்காரும். தோப்பு இருக்கும், பெண் இருப்பாள், ஆனால் அவர் விரல் வைத்த அந்தப் பெண் இருக்க மாட்டாள்.

சேலை: விதையைப் பிடி, சொல்லை மாற்று

சேலையின் நிறம் நாம் வாசகத்தில் எழுதிய ஒன்று. அதை மாற்றுவதற்கு முதல் வழியே பொருத்தம். விதையை நிறுத்திவிட்டு `red saree` என்பதை `green saree` என்று மாற்றினேன். பச்சைச் சேலை வந்தது. கூடவே மாம்பழங்களும் காயாகிவிட்டன. பின்னால் இருந்த மொட்டைப் பாறையில் புல் முளைத்துவிட்டது. முகமும் லேசாக மாறி, அந்தப் பெண்ணின் அக்காள் போல ஆகிவிட்டது.

இந்த வழியின் பலவீனம் இதுதான். ஒரு நிறச் சொல் தனக்குரிய பொருளோடு நிற்பதில்லை, பக்கத்தில் இருப்பவற்றின் மேலும் கசியும். இன்னொன்று, ஒரு சொல்லை மாற்றினால் அது முதல் படியிலிருந்தே செயல்படுவதால், படத்தின் அமைப்பையும் சேர்த்து அசைக்கிறது. தொடக்கப் படிகளில்தான் யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கம் என்ற பெரிய விஷயங்கள் முடிவாகின்றன. இழை, நகை, நரம்பு போன்றவை கடைசிப் படிகளில் வருகின்றன.

ஆகவே சொல்லைப் பாதி வழியில் மாற்றும் எழுத்துமுறை ஒன்று இருக்கிறது:

```
[red:green:0.4] saree
```

28 படிகளில் முதல் 40 சதவீதம், அதாவது முதல் பதினொரு படிகள் சிவப்பு என்று நினைத்து வரையும். அதன் பிறகு பச்சை என்று நினைக்கும். முகம் அப்படியே நின்றது. சேலைதான் ஏமாற்றியது. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, மக்கிய புளி நிறம். யோசித்தால் காரணம் விளங்கும். சேலை என்பது படத்தில் பெரிய நிறப் பரப்பு, பெரிய பரப்புகளின் நிறம் சீக்கிரமே உறுதியாகிவிடுகிறது. பதினொன்றாவது படியில் போய்ச் சொன்னால் காலம் கடந்துவிட்டது. 0.2 என்று குறைத்து, ஐந்தாவது படியிலேயே மாற்றினேன். பச்சை சுத்தமாக வந்தது, முகம் தொண்ணூறு சதவீதம் அதே முகம், பழங்களும் தங்கள் மஞ்சளுக்குத் திரும்பின. சிறிய பொருளானால் 0.4, 0.5 கூடச் சரிவரும். பெரிய பரப்பானால் சீக்கிரம் மாற்ற வேண்டும்.

சாம்ப்ளரின் பெயரில் தனி a இருந்தால், உதாரணமாக Euler a, அது ஒவ்வொரு படியிலும் புது இரைச்சல் சேர்த்துக்கொண்டே போகும். அதிலும் விதை அதே படத்தைத் தரும். ஆனால் படிகளை 28லிருந்து 40க்கு மாற்றினால் படம் வேறு திசையில் போய்விடும். DPM++ 2M அப்படி அலையாது, இருப்பதைத்தான் மெருகேற்றும். திருத்தும் வேலை இருக்கும் என்று தெரிந்தால் நான் பின்னதையே எடுக்கிறேன்.

விரல்: சொல்லைப் பிடி, விதையை அசை

ஆறாவது விரலை நாம் கேட்கவில்லை. வாசகத்தில் `five fingers` என்று எழுதினால் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் எழுதிப் பார்த்தேன், இரண்டு கையிலும் விரல் கூடியது. இது சொல்லால் வந்த குறை அல்ல, அந்த இரைச்சலின் அந்த மூலையில் புள்ளிகள் விழுந்த விதத்தால் வந்தது. அந்தப் புள்ளிகளைக் கொஞ்சம் கலைத்துப் போட்டால் வேறு மாதிரி விழ வாய்ப்பு இருக்கிறது.

விதைப் பெட்டிக்குப் பக்கத்தில் Extra என்பதைத் தொட்டால் Variation seed, Variation strength என்ற கட்டங்கள் திறக்கும். மூல விதையின் இரைச்சலோடு இரண்டாவது விதையின் இரைச்சலை எவ்வளவு கலப்பது என்பதைச் சொல்லும் அளவுதான் Variation strength. 0 என்றால் மூலப் படம், 1 என்றால் முழுக்க இரண்டாவது விதையின் படம்.

இந்த அளவு பார்ப்பதற்கு எளிதாக இருந்தாலும் சதவீதக் கணக்காகப் படிக்கக்கூடாது. இரண்டு இரைச்சல்களைச் சரிபாதி கூட்டிச் சராசரி எடுத்தால் ஏற்ற இறக்கம் 0.71 பங்காகக் குறைந்துவிடும், படம் வெளிறி மழுங்கிப்போகும். அதனால் மென்பொருள் நேர்கோட்டில் போகாமல் வட்டத்தின் வளைவில் போகிறது. தொடர்பில்லாத இரண்டு இரைச்சல்கள் ஏறத்தாழ செங்கோணத்தில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.1 என்பது அந்த 90 பாகையில் 9 பாகை திரும்புவது. அப்போது பழைய இரைச்சல் 0.99 அளவுக்கு மிஞ்சுகிறது, புதியது 0.16 அளவுக்கு நுழைகிறது. 0.5ல் இரண்டும் தலா 0.71. அதாவது, முதல் சில புள்ளிகளில் மாற்றம் மிக மெதுவாகவும், 0.2ஐத் தாண்டியதும் மடமடவென்றும் தெரியும். வேலை நடக்கும் இடம் 0.05க்கும் 0.2க்கும் நடுவே உள்ள குறுகிய சந்துதான்.

ஊகிப்பதற்குப் பதில் அட்டவணையாக எடுத்துப் பார்த்துவிடலாம். பக்கத்தின் அடியில் இருக்கும் X/Y/Z plot என்ற வசதியில் இப்படிக் கொடுத்தேன்:

```
X type: Var. strength
X values: 0.05, 0.1, 0.15, 0.2, 0.3, 0.5
Y type: Var. seed
Y values: 11, 12, 13, 14
```

24 படங்கள். என் கணினியில் மூன்று நிமிடம் ஆனது, ஒரு டீ குடிக்கும் நேரம். 0.05 நெடுவரிசையில் நான்கிலும் ஆறு விரல், இலைகள் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தன. 0.1ல் கூடையைப் பிடித்த கை மாறத் தொடங்கியது. 0.15ல் இரண்டு படங்களில் ஐந்து விரல். 0.3ல் முகம் போய்விட்டது. 0.5ல் ஒரு படத்தில் பெண்ணுக்குப் பின்னால் இன்னொரு பெண் வந்து நின்றார். 13ஆம் எண் வரிசையில் 0.15 நன்றாக இருந்தது, ஆனால் தலை சற்று அதிகமாகச் சாய்ந்திருந்தது. அந்த எண்ணை நிறுத்திவிட்டு அளவை மட்டும் 0.15, 0.14, 0.13, 0.12 என்று இறக்கினேன். 0.13ல் தலை நிமிர்ந்தது, விரலும் ஐந்தாகவே நின்றது. 0.12ல் ஆறாவது திரும்ப எட்டிப் பார்த்தது. இப்படி மெல்ல மெல்லப் பின்வாங்கும் வசதி வேறு எந்த வழியிலும் கிடைக்காது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. மாறுபாட்டுக்கு மேல் இன்னொரு மாறுபாடு சேர்க்க இந்த இடைமுகத்தில் இடமில்லை. ஒரு மூல விதை, ஒரு மாறுபாட்டு விதை, அதோடு முடிந்தது. மிட்ஜர்னி என்ற இன்னொரு படம் வரையும் சேவையில் மாறுபாட்டுக்கு மேல் மாறுபாடு போய்க்கொண்டே இருக்கலாம். ஆனால் அங்கே Vary (Subtle), Vary (Strong) என்று இரண்டே பொத்தான்கள். 0.15க்கும் 0.13க்கும் நடுவில் பேரம் பேச வழியில்லை. பெட்டிப் படம் போல வாடிக்கையாளர் ஏற்கெனவே ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்ட வேலைக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை. இன்னும் எதுவும் பிடிக்காத ஆரம்ப நிலையில் அது வேகமானது.

விரல் மட்டும்தான் குறை என்றால் அடுத்த வழியில் அந்தக் கையை மட்டும் திரும்ப வரையச் சொல்வது சீக்கிரம் முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மாறுபாட்டை எடுத்ததற்குக் காரணம், கையும் பார்வையும் தலைச் சாய்வும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டியிருந்தது. மாறுபாட்டில் படம் முழுவதும் ஒரே மூச்சில் வருவதால் ஒட்டுப் போட்டது தெரியாது.

பழம்: விதையால் ஆகாதது

கிளிமூக்கு மாம்பழம் என்று வெளியூரில் சொல்லும் பெங்களூராதான் இங்கே கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. நீண்டு, நுனியில் வளைந்த மூக்கு. படத்தில் கூடையில் இருந்தவை உருண்டையாக, கன்னத்தில் சிவப்போடு, கிட்டத்தட்ட செந்தூரா. வாசகத்தில் `totapuri mango` என்று எழுதினேன். பழம் கொஞ்சம் பளபளத்தது, மூக்கு முளைக்கவில்லை. 32 மாறுபாடுகள் எடுத்தேன். ஒன்றிலும் இல்லை.

முப்பத்திரண்டு எடுத்ததே அதிகம். நான்கு விதைகளில் புதிதாக அந்தச் சொல்லை மட்டும் போட்டுப் பார்த்து, ஒன்றில்கூட அந்த வடிவம் வரவில்லை என்றால், அந்த மாடலுக்கு அந்தப் பொருளைத் தெரியாது. விதை என்பது மாடலுக்குத் தெரிந்தவற்றுக்குள் ஒரு இடத்தைச் சுட்டும் எண். தெரியாததை அது எங்கிருந்து கொண்டுவரும்?

ஆகவே மூன்றாவது வழி. மண்டியிலிருந்து இரண்டு பெங்களூராவை வாங்கிவந்து ஜன்னலோரம் வைத்து, படத்தில் வெளிச்சம் வரும் இடது பக்கத்திலிருந்தே வெயில் படும்படி கைபேசியில் எடுத்தேன். அதை வெட்டிக் கூடைப் பழங்களின் மேல் ஒட்டினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். பிறகு ஒரு பகுதியை மட்டும் திரும்ப வரையும் Inpaint பக்கத்தில் பழங்கள் இருக்கும் இடத்தை மட்டும் குறித்து, எவ்வளவு மாற்றி வரையலாம் என்பதைச் சொல்லும் Denoising strength அளவை 0.35 வைத்து வரையச் சொன்னேன். 28 படிகளில் அந்த அளவுக்குச் சுமார் பத்துப் படிகள்தான் நடக்கும். மூக்கை அழிக்க அது போதாது, வெட்டிய ஓரங்களைக் கரைத்துப் படத்தின் வண்ணப்பூச்சுக்குள் இழுக்கப் போதும். 0.55ல் வைத்துப் பார்த்தபோது மூக்கு மழுங்கி மறுபடியும் செந்தூராவாகிவிட்டது.

இங்கே பழைய விதையை எடுத்து வராதீர்கள், ஒவ்வொரு முறையும் மென்பொருளே புது விதையை எடுக்கும்படி -1 என்று விட்டுவிடுங்கள். ஒரு விதையிலிருந்து பிறந்த படத்தின் மேல் அதே விதையின் இரைச்சலை மறுபடி மறுபடி தூவினால், ஒரே புள்ளி வடிவம் ஒரே இடத்தில் படிந்துகொண்டே போகும். மூன்றாவது சுற்றில் தோல் சொரசொரப்பாகி, நிறம் கருகியதுபோல் ஆகும். முதல் இரண்டு வழிகளில் நம்மைக் காப்பாற்றிய விதை இங்கே எதிரி.

இதில் வரிசையும் முக்கியம். சொல் மாற்றம் முதலில், மாறுபாடு அடுத்து, பகுதி வரைதல் கடைசியில். விரலைச் சரிசெய்த பிறகு சேலையை மாற்றினால் விரல் திரும்ப ஆறாகக்கூடும். பகுதி வரைந்த பிறகோ எண்களை மட்டும் வைத்து அந்தப் படத்தை மீட்க முடியாது. அதற்குப் பிறகு கோப்புதான் சொத்து.

பெரிதாக்குவது நடுவில் வந்தது. பெட்டியில் படத்துக்கு ஆறுக்கு ஒன்பது அங்குலம் இடம். அங்குலத்துக்கு 300 புள்ளி அச்சுக்கு 1800x2700 வேண்டும். மாறுபாடு முடிந்ததும் அதே எண்களோடு Hires. fix போட்டு இரண்டு மடங்காக்கினேன். அது சிறிய படத்தை முதலில் பழைய அளவிலேயே வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்குவதால் அமைப்பு குலையாது. அதன் Denoising strength அளவை 0.3ல் வைத்தேன். தொடக்க மதிப்பான 0.7ல் விட்டிருந்தால் விரல்களைப் புதிதாக எண்ண வேண்டியிருந்திருக்கும். பழ வேலையை 1024x1536ல் முடித்துவிட்டு, மிச்சத்தைச் சாதாரணப் பெரிதாக்கியில் இழுத்தேன்.

பெட்டி அச்சாகி வந்தது. தோப்புக்காரர் சேலையைப் பார்க்கவில்லை, விரலை எண்ணவில்லை, பழத்தின் மூக்கைத் தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தார்.

இந்த ஆண்டு திரும்ப வந்திருக்கிறார். "அதே பெண் தம்பி, கூடைக்குப் பதில் கையில் கூழ் டப்பா." எண்கள் எல்லாம் கோப்பில் இருந்தன. `basket of mangoes` என்பதை மாற்றி அதே விதையைப் போட்டேன். கூடை இருந்தபோது இரண்டு கைகளும் கீழே இருந்தன. டப்பாவுக்கு ஒரு கை மேலே வர, தோள் திரும்பி, முகமும் வேறாகிவிட்டது. சொல் மாற்றத்தை 0.5 வரை தள்ளிப் பார்த்தால் முகம் நிற்கிறது, டப்பா கூடையாகவே இருக்கிறது. இப்போது மேசைமேல் ஒரு காலி கூழ் டப்பா ஜன்னல் வெயிலில் நிற்கிறது. அதைப் படம் எடுத்து, பழைய பெண்ணின் இடுப்பருகே ஒட்டி, கைகளை மட்டும் வரையச் சொல்லப்போகிறேன்.